மலைப்பாதையில் கார் டிரைவருக்கு வழி சொல்லும் குறுஞ்செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பெருமாள்மலையில் நிற்கிறோம் என்று எழுதினால் போதாதா? ஊர் சின்னதுதானே?"

போதாது. பெருமாள்மலை சின்ன ஊர்தான். ஆனால் வத்தலகுண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் அங்கேதான் சேர்ந்து கொடைக்கானலுக்குப் போகின்றன. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக வரும் பாதையும் பெருமாள்மலையில்தான் வந்து முடிகிறது. ஆகவே டிரைவரின் மனதில் "பெருமாள்மலை" என்பது ஒரே இடம் கிடையாது, எந்தச் சாலையில் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் அத்தையை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு வாடகைக் காரைச் சொல்லியிருந்தோம். நான் அனுப்பிய செய்தி இதுதான்: "அண்ணா, பெருமாள்மலை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம்." கார் சரியான நேரத்துக்கு வந்து பழனி சாலைப் பக்கம் நின்றது. நாங்கள் கொடைக்கானல் பக்கம் நின்றோம். நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. விடியற்காலை, மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவர் போனுக்கு சிக்னல் இல்லை. நாற்பது நிமிடம் அவர் அங்கேயும் நாங்கள் இங்கேயும் நின்றோம். தவறு அவருடையது இல்லை, நான் எழுதிய ஒற்றை வரியுடையது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் கார் சொன்னாலும் செய்தியை நான் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்க்கிறேன். கீழே உள்ள பதில்கள் அப்படிச் சேர்ந்தவை.

"சரி, அன்றைக்கு என்ன எழுதியிருக்க வேண்டும்?"

டிரைவர் வத்தலகுண்டிலிருந்து ஏறி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> வணக்கம் அண்ணா. காலை 6.30. வத்தலகுண்டிலிருந்து வரும்போது பெருமாள்மலை சந்திப்பு. அங்கே பழனி சாலையில் திரும்பாமல் கொடைக்கானல் சாலையில் 300 மீட்டர். பள்ளப் பக்கம், நீலக் கூரை டீக்கடை. கடை வாசலில் நிற்கிறோம். 2 பேர், 3 பை.

இதன் வரிசையைக் கவனியுங்கள். அவர் எந்தத் திசையிலிருந்து வருகிறாரோ அங்கே தொடங்குகிறது. பிறகு அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெரிய இடம். பிறகு அந்த இடத்தில் அவர் தவறக்கூடிய ஒரே திருப்பம், அதில் எதைச் செய்யக்கூடாது என்பதும் சேர்த்து. பிறகு தூரம். கடைசியில்தான் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டிய அடையாளம் வருகிறது. வண்டி ஓடிவரும் வரிசையும் செய்தியின் வரிசையும் ஒன்றாக இருக்கிறது.

நம்மில் பலர் தலைகீழாக எழுதுகிறோம்: "டீக்கடை முன்னால் நிற்கிறோம், பெருமாள்மலை தாண்டி." நமக்கு டீக்கடை கண்முன் இருப்பதால் அதுவே முதலில் வந்துவிடுகிறது. வத்தலகுண்டில் வண்டியை நிறுத்திப் படிக்கும் மனிதருக்கு அந்த டீக்கடையால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பயனும் இல்லை.

ஆள் எண்ணிக்கையும் பை எண்ணிக்கையும் எதற்கு என்று கேட்பார்கள். விடியற்காலையில் சாலையோரம் நிற்பவர்கள் எல்லோரும் பயணிகள்தான். "2 பேர், 3 பை" என்று தெரிந்தால் டிரைவர் தூரத்திலேயே நம்மை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைப்பார்.

"இடது பக்கம், வலது பக்கம் என்று எழுதினால் குழப்பம் வருகிறதே?"

வரத்தான் செய்யும். வீட்டு வாசலில் நின்று பார்க்கும் நமக்கு எது இடமோ அது கீழிருந்து ஏறிவரும் வண்டிக்கு வலமாக இருக்கலாம். மேலிருந்து இறங்கும் வண்டிக்கு மறுபடியும் மாறும். டிரைவர் முதல் சவாரியை முடித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து இறங்கி வருகிறாரா, வத்தலகுண்டிலிருந்து ஏறி வருகிறாரா என்பது செய்தி அனுப்பும் நேரத்தில் நமக்கே தெரியாமல் இருக்கும்.

மலைச்சாலையில் இதைவிட நல்ல சொல் நம் வாயிலேயே இருக்கிறது: மலைப் பக்கம், பள்ளப் பக்கம். சாலையின் ஒரு ஓரத்தில் பாறையோ மண்சுவரோ மேலே ஏறும். மறு ஓரம் கீழே இறங்கும். வண்டி எந்தத் திசையில் வந்தாலும் அந்த இடத்தில் அது மாறாது. இரவிலும் டிரைவருக்குப் பள்ளப் பக்கம் எது என்று தெரியும், ஸ்டியரிங் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அவர் கவனம் அங்கேதானே இருக்கிறது. இடது, வலது என்று எழுதியே ஆக வேண்டுமானால் "பழனியிலிருந்து வரும்போது இடது கைப்பக்கம்" என்று திசையையும் சேர்த்து எழுதுங்கள்.

மேடு, பள்ளம் தெரியாத இடங்களும் உண்டு. சந்திப்புகள், மேட்டின் உச்சி, ஊருக்குள் இருபுறமும் கடை இருக்கும் தெரு. அங்கே இந்தச் சொல் உதவாது. "பழனி சாலை பிரியும் மூலையில்" என்பதுபோலச் சாலையின் பெயரால் சொல்லுங்கள்.

"லொகேஷன் அனுப்பிவிட்டால் எழுதவே வேண்டாமே?"

சமவெளியில் பெரும்பாலும் வேண்டாம். மலையில் நான் இரண்டையும் அனுப்பச் சொல்வேன், காரணம் கொண்டை ஊசி வளைவு. அங்கே சாலை மடங்கித் தனக்கு மேலேயே போகிறது. மேல் சாலைக்கும் கீழ்ச் சாலைக்கும் வரைபடத்தில் நாற்பது, ஐம்பது மீட்டர் இடைவெளிதான் தெரியும். ஆனால் வளைவைச் சுற்றிக்கொண்டு போனால் அதே தூரம் பல மடங்காகிவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயோ செங்குத்தான பாறைக்குப் பக்கத்திலோ நிற்கும்போது வானம் மறைந்து ஜி.பி.எஸ். சற்றுத் தள்ளிக் காட்டும். அந்தச் சிறு பிழையில் புள்ளி கீழ்ச் சாலையில் போய் உட்கார்ந்துவிடும். டிரைவர் அங்கே வந்து நின்று "வந்துவிட்டேன்" என்பார். நாம் அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டிருப்போம்.

இன்னொன்று, இங்கே நிறைய வீடுகள் சாலைக்குக் கீழே படிக்கட்டு இறங்கிப் போகும் சரிவில் இருக்கின்றன. வீட்டுக்குள் உட்கார்ந்து லொகேஷன் அனுப்பினால் வரைபடம் டிரைவரை வீட்டுக்குக் கிட்டே உள்ள சாலைக்கு அழைத்துப்போகும். அது நம் படிக்கட்டு ஏறிச் சேரும் சாலையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முந்தின நாளே படியேறி, கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, போனில் புள்ளி அசையாமல் நிற்கும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: "மேல் சாலை, கீழ்ச் சாலை இல்லை."

"மலையில் வாட்ஸ்அப் போகவே மாட்டேன் என்கிறது. சாதாரண எஸ்.எம்.எஸ். நீளமாகப் போகுமா?"

இணையம் இல்லாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். போகும், அதனால்தான் மலையில் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஆனால் தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 குறிகள்தான். ஆங்கில எழுத்தில் 160. செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்திக்கும் 70 என்ற கணக்கு வந்துவிடும்.

குறி என்பது நாம் நினைக்கும் எழுத்து இல்லை. "பெருமாள்மலை" என்பதில் நம் கணக்கில் ஆறு எழுத்து: பெ, ரு, மா, ள், ம, லை. போன் கணக்கில் 11. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி ஒவ்வொன்றும் 67 குறியாகப் போகும், மறுமுனையில் போன் அவற்றை ஒட்டிக் காட்டும். மேலே நான் கொடுத்த செய்தி நான்கு துண்டு. சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் மூன்று துண்டு வந்து ஒன்று வராவிட்டால் பல போன்கள் எதையுமே காட்டாமல் காத்திருக்கும்.

அதனால் முழுச் செய்தியை முந்தின நாள் மாலையிலேயே அனுப்பிவிடுங்கள், டிரைவர் மதுரையிலோ வத்தலகுண்டிலோ நல்ல சிக்னலில் இருக்கும்போது. காலையில் ஒரே துண்டில் அடங்கும் நினைவூட்டல் மட்டும் போதும்:

> பெருமாள்மலை தாண்டி கொடை சாலையில் 300மீ. பள்ளப்பக்கம் நீலக்கூரை டீக்கடை

எண்ணிப் பாருங்கள், சரியாக 70. கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கக்கூட இடமில்லை. நேரம், பெயர், வணக்கம் எல்லாம் நேற்றைய செய்தியிலேயே போய்விட்டன.

"கொடை சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கொடை ரோடு என்றுதானே சொல்கிறார்கள்?"

அதற்காகத்தான் சாலை என்று எழுதினேன். டிரைவர்களிடம் "கொடை ரோடு" என்றால் அது கீழே, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் உள்ள ரயில் நிலையம். அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். "கொடை ரோட்டில் நிற்கிறோம்" என்ற செய்தியை நம்பி ஒருவர் ரயில் நிலைய வாசலில் காத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் "கொடை ரோடு ரயில் நிலையம்" என்று நான்கு சொல்லையும் எழுதுங்கள். மலைமேல் நிற்பவர்கள் கொடை, ரோடு என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதவே வேண்டாம்.

"எந்த அடையாளத்தைச் சொல்வது? எங்கள் பக்கம் பெரிய கட்டடம் எதுவும் இல்லை."

பெரிய கட்டடம் தேவையில்லை. சாலை ஓரத்திலேயே இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், நாம் குறித்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு தண்ணீர்க் குழாய்கூடப் போதும்.

எதிர்ச்சரிவில் தெரியும் தேவாலயக் கோபுரமோ செல்போன் கோபுரமோ வெயில் நேரத்தில் அழகாகத் தெரியும். மேகம் இறங்கினால் காணாமல் போய்விடும். "பேரிக்காய் விற்கும் அம்மாவுக்கு எதிரே" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். பகலில் நல்ல அடையாளம்தான், ஆனால் காலை ஆறரைக்கு அந்த அம்மா கூடையோடு வந்திருக்க மாட்டார். சீசன் முடிந்தால் அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். அதேபோலக் கடையின் பெயரும். விடியற்காலையில் கடை மூடியிருக்கும், பலகையில் விளக்கு எரியாது. பெயரை விட நிறம் சீக்கிரம் கண்ணில் படும். அதனால்தான் "நீலக் கூரை" என்று எழுதினேன், கடைக்காரர் பெயரை எழுதவில்லை.

எதுவுமே இல்லாத இடத்தில் மைல்கல் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்று, சாலையோரத்திலேயே, பெரிய எழுத்தில். "கொடைக்கானல் 9 என்று எழுதிய மைல்கல்" என்றால் இந்தச் சாலையில் ஓட்டும் டிரைவர் யாருக்கும் விளங்கும். கல்லின் ஒரு முகத்தில் ஒரு ஊரும் மறுமுகத்தில் வேறு ஊரும் இருக்கும் என்பதால் ஊர்ப் பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே "9-வது கல்" என்று எழுதினால் எந்த ஊருக்கு 9 என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

"மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு என்று எண்ணிச் சொல்லலாமா?"

எண்ணிச் சொல்லாதீர்கள், பலகையில் உள்ளதைச் சொல்லுங்கள். மேலிருந்து எண்ணினால் ஒரு எண், கீழிருந்து எண்ணினால் வேறு எண். போதாததற்கு, எது கொண்டை ஊசி வளைவு, எது சாதாரணத் திருப்பம் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. நெடுஞ்சாலைத் துறை எண் பலகை வைத்திருக்கும் வளைவானால் அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

ஆனால் வளைவிலேயே நிற்காதீர்கள். ஏறிவரும் வண்டி அங்கே நின்றால் பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் நின்றுவிடும், மறுபடி அந்த ஏற்றத்தில் எடுப்பது சிரமம். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒழுங்கை நம் ஒரு கார் நின்று கெடுத்துவிடும். வளைவுக்கு அப்பால் சாலை அகலமாகும் இடம் பார்த்து "வளைவு தாண்டி 100 மீட்டர், அகலமான இடம்" என்று எழுதுங்கள்.

"300 மீட்டர் என்று எழுதினால் டிரைவருக்கு அது எப்படித் தெரியும்?"

வண்டியின் தூரமானியில் கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை ஓடும் எண் பல வண்டிகளில் இருக்கிறது, அக்கறையுள்ளவர்கள் பார்ப்பார்கள். ஆனால் 300 என்ற எண்ணை நான் எழுதுவதன் முக்கியக் காரணம் "உடனே பார்க்கத் தொடங்குங்கள், வெகுதூரம் போய்விடாதீர்கள்" என்று உணர்த்துவதுதான். "கொஞ்ச தூரம்" என்று எழுதினால் ஒருவருக்கு அது ஐம்பது மீட்டர், இன்னொருவருக்கு இரண்டு கிலோமீட்டர். மலைக்காரர்களான நாம் வேறு "இதோ, பக்கத்தில்தான்" என்று ஒரு கிலோமீட்டர் நடையைச் சொல்லிப் பழகியவர்கள்.

இதைவிடப் பயனுள்ள ஒன்று, தாண்டிவிட்டால் தெரிந்துகொள்ள ஒரு அடையாளம். நகரத்தில் தாண்டிவிட்டால் அடுத்த தெருவில் திரும்பலாம். இங்கே வண்டி திருப்ப இடம் கிடைக்கச் சில நேரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். எங்கள் டீக்கடைக்கு மேலே ஒரு சிறு பாலம் இருக்கிறது. "பாலம் வந்தால் தாண்டிவிட்டீர்கள், அங்கே திருப்பலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். மேகமுள்ள காலையில் அந்த வரிதான் பலமுறை உதவியிருக்கிறது.

"டிரைவரை எப்படி அழைத்து எழுதுவது? சிலர் சார் என்கிறார்கள், சிலர் எதுவுமே போடுவதில்லை."

மூத்தவராகத் தெரிந்தால் அண்ணா, இளையவர் என்று குரலில் தெரிந்தால் தம்பி, வயது தெரியாவிட்டால் வணக்கம் மட்டும். தம்பி என்று எழுதினாலும் "வாருங்கள்", "நில்லுங்கள்" என்ற மரியாதை வினையை விடாதீர்கள். அதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"சரி என்று பதில் வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?"

"சரி" என்பதற்குச் செய்தி வந்தது என்று மட்டும்தான் பொருள். புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால் "எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று ஒருமுறை சொல்லுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்போது பழனி சாலையா கொடைக்கானல் சாலையா என்பது வெளியே வந்துவிடும். இதைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வழி தெரியாமல் அலைவதால் அவருக்குத்தான் டீசல் நஷ்டம்.

தமிழ் பேசுவார், படிக்க வராது என்றால் அதே சொற்களை அதே வரிசையில் குரல் பதிவாக அனுப்புங்கள். வண்டி ஓடும்போது செய்தி மேல் செய்தி அனுப்பாதீர்கள். போனைக் கையில் எடுத்துப் பார்த்தபடி ஓட்டுவது சட்டப்படி குற்றம், மலையில் உயிருக்கே ஆபத்து.

"கடைசி நேரத்தில் நிற்கும் இடம் மாறிவிட்டால்?"

"அங்கே வேண்டாம், கொஞ்சம் மேலே வாருங்கள்" என்று ஒட்டுச் செய்தி அனுப்பினால் அவரிடம் இரண்டு பாதி வழிகள் இருக்கும். பழையதை விட்டுவிடச் சொல்லி முழு வழியையும் புதிதாக எழுதுங்கள்:

> இடம் மாறிவிட்டது. நேற்றைய செய்தியை விட்டுவிடுங்கள். புது இடம்: பெருமாள்மலை சந்திப்பு, பழனி சாலை பிரியும் மூலை, பயணியர் நிழற்குடை.

அவர் ஏற்கெனவே மலையேறத் தொடங்கியிருந்தால் இந்தச் செய்தி அவருக்கு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது ஒருவரைப் பழைய இடத்திலேயே நிறுத்திவையுங்கள்.

"வந்துவிட்டேன் என்கிறார், ஆனால் காரைக் காணவில்லை. அப்போது என்ன செய்வது?"

நாம் நகரக் கூடாது. அவரையும் நகர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருவரும் தேடப் புறப்பட்டால் மேகத்தில் ஒருவரை ஒருவர் கடந்து போய்விடுவோம். "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, இருந்தால் வந்திருப்பாரே. "உங்களுக்குப் பள்ளப் பக்கம் என்ன தெரிகிறது? கடைசியாகப் பார்த்த மைல்கல்லில் என்ன ஊர், என்ன எண்?" என்று கேளுங்கள். ஊர் பழனி என்றால் சாலை மாறிவிட்டார். ஊர் கொடைக்கானலாக இருந்து, எண் நம் இடத்தைவிடக் குறைவாக இருந்தால் தாண்டிவிட்டார், கூடுதலாக இருந்தால் இன்னும் வரவில்லை. சாலை மாறியவரையும் தாண்டியவரையும் திருப்பி வரச் சொல்லுங்கள். வர வேண்டியவரை அப்படியே ஏறி வரச் சொல்லிவிட்டு, கையில் உள்ள டார்ச்சைச் சாலையின் தரையைப் பார்த்து அடியுங்கள். நேராக அடித்தால் மேகத்தில் ஒளி சிதறி அவர் கண்ணைக் கூசும். தரையில் விழும் வெளிச்சம் வளைவு திரும்பியதுமே அவருக்குத் தெரியும்.